பணியாளர் டிரஸ்டா, அறக்கட்டளையா: ஓட்டு யார் கையில்?

சிங்கப்பூர் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் ஆண்டறிக்கையில், கடைசிப் பக்கங்களில் இருபது பெரிய பங்குதாரர்களின் பட்டியல் வரும். மேலே பெரும்பாலும், பிறரின் பங்குகளைத் தங்கள் பெயரில் வைத்திருக்கும் வங்கிகளின் நாமினி நிறுவனங்கள்தான் இருக்கும். நடுவே எங்காவது ஓர் அறக்கட்டளையின் பெயர் தென்படலாம். 1952இல் லீ கொங் சியான் தொடங்கிய லீ அறக்கட்டளை, ஓசிபிசி வங்கியின் பெரிய பங்குதாரர்களில் ஒன்று. ஊழியர்களுக்குக் கொடுப்பதற்காகப் பங்குகளை வைத்திருக்கும் பணியாளர் டிரஸ்டை இப்படிக் கண்டுபிடிப்பது கடினம். டிரஸ்ட் என்ற விவரம் பெரும்பாலும் பங்குதாரர் பதிவேட்டில் வருவதில்லை, அதனால் டிரஸ்டியின் பெயரோ நாமினியின் பெயரோதான் தெரியும்.

அதைத் தேட வேண்டிய இடம் கணக்குதான். டிரஸ்டுக்குப் பணம் தருவது நிறுவனம். அந்தப் பணத்தில் பங்கு வாங்கி வைத்து, சில ஆண்டுகள் கழித்து ஊழியர்களுக்குக் கொடுப்பார்கள். அதுவரை பங்கு மூலதனப் பகுதியில் அது கழிக்கப்படும் ஒரு தொகையாக நிற்கும். பல டிரஸ்ட் பத்திரங்கள், ஊழியர் கைக்குப் போகாத பங்குகளுக்கு டிரஸ்டி ஓட்டுப் போடக் கூடாது என்கின்றன. சரி, அப்போது மற்றவர்களின் ஓட்டுக்குக் கனம் கூடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. மொத்தம் 100 மில்லியன் பங்குகள்: நிறுவனர் 12, அவர் தொடங்கிய அறக்கட்டளை 30, பணியாளர் டிரஸ்ட் 8, பொதுமக்கள் 50. பொதுக்கூட்டத்தில் பொதுமக்களின் 30 மில்லியன் ஓட்டு மட்டும் விழுகிறது, அத்தனையும் எதிர்ப்பு. டிரஸ்ட் ஒதுங்கி நின்றால், நிறுவனர் பக்கம் 72க்கு 42, அதாவது 58 சதவீதம். சாதாரணத் தீர்மானத்துக்கு இது போதும். டிரஸ்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டால் 80க்கு 42. அப்போதும் அவருக்கே வெற்றி.

அறக்கட்டளை ஒதுங்கினால் கதை மாறிவிடும். டிரஸ்டும் ஓட்டுப் போடாத நிலையில் 42க்கு 12தான். அதனால் டிரஸ்டைவிட அறக்கட்டளையைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். அந்த 30 சதவீத டிவிடெண்ட் தர்மத்துக்குப் போகிறது, நிறுவனரின் பாக்கெட்டுக்கு ஒரு வெள்ளியும் வருவதில்லை. ஆனால் அறக்கட்டளையின் இயக்குநர்களை நியமிப்பது அவர் குடும்பம் என்றால், பணத்தைக் கொடுத்துவிட்டு ஓட்டை வைத்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

டென்மார்க்கின் மருந்து நிறுவனமான நோவோ நோர்டிஸ்க் இதைவிட வெளிப்படை. அங்கே அறக்கட்டளையிடம் மூலதனத்தில் கால்பங்குக்குச் சற்று அதிகம், ஓட்டில் முக்கால்பங்குக்கும் மேல். ஓட்டுக் கனம் வேறுபடும் இரண்டு வகைப் பங்குகள் வைத்து எழுத்திலேயே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு நிறுவனத்தில் 20 சதவீத ஓட்டு வைத்திருப்பவருக்கு, அந்த நிறுவனம் வைத்திருக்கும் பங்குகளிலும் உரிமை இருப்பதாகச் சட்டம் கருதும். அதனால் ஒரே பங்குகள் இரண்டு மூன்று பெயர்களுக்கு எதிரே வரலாம். ஐந்து சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களின் பட்டியலில் நேரடிப் பங்கு, கருதப்படும் பங்கு என இரண்டு பத்திகள் இருப்பது இதனால்தான். அவற்றை அப்படியே கூட்டினால் கணக்கு நூறைக்கூடத் தாண்டிவிடலாம். கீழே உள்ள அடிக்குறிப்பைப் படித்து, எது எதற்குள் அடங்குகிறது என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.