டோக்கியோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: நேர்கோடு குறைவா, வளைவு குறைவா?

டோக்கியோவும் சான் பிரான்சிஸ்கோவும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. ஒன்று 36 டிகிரி வடக்கை ஒட்டி, மற்றொன்று 38 டிகிரியை ஒட்டி. உலக வரைபடத்தில் இரண்டையும் ஸ்கேல் வைத்து இணைத்தால், பசிபிக்கைக் குறுக்கே வெட்டும் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதன் நீளம் சுமார் 8,700 கிலோமீட்டர். வடக்கே வளைந்து, நடுவழியில் 48 டிகிரியைத் தாண்டிப் போய்த் திரும்பும் இன்னொரு பாதை உண்டு. அது சுமார் 8,270 கிலோமீட்டர்தான். பார்க்க நீளமாகத் தெரிவதுதான் 400 கிலோமீட்டருக்கும் மேல் குறைவு.

எப்படி? தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன. 37 டிகிரியில் ஒரு தீர்க்கரேகையிலிருந்து அடுத்ததுக்குப் போக 89 கிலோமீட்டர் பறக்க வேண்டும், 48.5 டிகிரியில் 74 போதும். இரண்டு ஊர்களுக்கும் இடையே கடக்க வேண்டியவை ஏறக்குறைய 98 தீர்க்கரேகைகள். வடக்கே ஏறி இறங்க ஆகும் கூடுதல் தூரத்தைக் கழித்த பிறகும் லாபம் மிஞ்சுகிறது. நாம் வழக்கமாகப் பார்க்கும் மெர்கேட்டர் வரைபடமோ இந்த ரேகைகளை எல்லா இடத்திலும் சம இடைவெளியில் நிறுத்திவிடுகிறது. அதனால் வடக்கே போகப்போக எல்லாம் இழுபட்டுப் பெரிதாகிறது, குறுகிய பாதையும் நீண்டதாகத் தெரிகிறது.

அப்படியானால் நேர்கோடு வீணா? இல்லை. 1569இல் மெர்கேட்டர் இந்த வரைபடத்தை வரைந்ததே மாலுமிகளுக்காகத்தான். அந்தக் கோட்டில் போனால் திசை மாறவே மாறாது. நம் உதாரணத்தில் முழு வழியும் ஏறக்குறைய நேர் கிழக்கு. காந்த ஊசியை மட்டும் நம்பிக் கப்பல் ஓட்டியவர்களுக்கு இது பெரிய வரம். வளைவுப் பாதையில் வடகிழக்காகக் கிளம்பி, நடுவில் நேர் கிழக்காகி, கடைசியில் தென்கிழக்காக வந்து சேர வேண்டும். இத்தனைக்கும் விமானம் இடமோ வலமோ திரும்புவதில்லை. அது நேராகத்தான் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் வடக்கு எந்தப் பக்கம் என்பதுதான் மாறுகிறது.

தூரம்தான் கேள்வி என்றால் என் வாக்கு வளைவுக்கே. சந்தேகம் இருந்தால் பூமி உருண்டை ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூல் தானாகவே வடக்கே ஏறிக்கொள்ளும். தென்கோளத்தில் சிட்னியையும் சாண்டியாகோவையும் இணைத்தால் தெற்கே இறங்கும். இரண்டு இடங்களும் பூமத்திய ரேகையிலோ ஒரே தீர்க்கரேகையிலோ இருந்தால் மட்டும் நேர்கோடும் குறுகிய பாதையும் ஒன்றேதான்.

அப்புறம், நிஜ விமானங்கள் இந்த வளைவை அப்படியே பின்பற்றுவதில்லை. பசிபிக்கின் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வேகமாக வீசுகிறது. அமெரிக்கா போகும் விமானம் அதைப் பிடிக்க வளைவைவிடத் தெற்கே இறங்கலாம்: தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் குறையும். திரும்பி வரும்போது அதே காற்றைத் தவிர்க்கப் பெரும்பாலும் வடக்கே ஒதுங்கிப் பறக்கும்.