250 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் செம்பா, அலுமினியமா: மூன்று காயில்களோடு பழகிய அனுபவம்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் ஹெச்.டி. என்னும் உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் சில ஆலைகளின் மின் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. அதில் மூன்று இடங்களில் ஒரே அளவு டிரான்ஸ்பார்மர்: 250 கேவிஏ, 11 கேவி / 433 வோல்ட். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அரிசி ஆலையில் இருப்பது கம்பெனியிலிருந்து வந்த செம்புக் காயில். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்கூடத்தில் இருப்பதும் கம்பெனித் தயாரிப்புதான், ஆனால் அலுமினியம். மூன்றாவது ஆலங்குளம் பக்கம். அது செம்பாக வந்து, எரிந்துபோய், அலுமினியமாக ரீவைண்டிங் செய்யப்பட்டது. முதல் இரண்டும் பல வருஷமாக வேலை வைக்காமல் ஓடுகின்றன. மூன்றாவதைப் பற்றித்தான் எழுத நிறைய இருக்கிறது.

முதலில் உலோகக் கணக்கு. அதே நீளம், அதே குறுக்களவு என்றால் அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல ஏறக்குறைய 1.6 மடங்கு. அதனால் அலுமினியத்தில் காயில் போடுகிறவர் கம்பியின் குறுக்களவை அந்த அளவுக்குக் கூட்ட வேண்டும். 250 கேவிஏ-க்கு எல்.டி. என்னும் 433 வோல்ட் பக்கம் முழுச்சுமை மின்னோட்டம் 333 ஆம்பியர். செம்பில் சுமார் 150 சதுர மி.மீ. போதும் என்றால் அலுமினியத்தில் 240 வேண்டும். ஹெச்.டி. என்னும் 11 கேவி பக்கம் 2.1 மி.மீ. விட்டமுள்ள செம்புக் கம்பிக்குப் பதிலாக 2.65 மி.மீ. அலுமினியக் கம்பி. இப்படிச் செய்துவிட்டால் சூடாக வீணாகும் மின்சாரம், அதாவது லாஸ், இரண்டிலும் ஒன்றுதான். ஐ.எஸ். 1180 தரத்தின் இரண்டாம் நிலையில் 250 கேவிஏ-க்குப் பாதிச் சுமையில் மொத்த லாஸ் 980 வாட், முழுச்சுமையில் 2,930 வாட் என்பதுதான் உச்சவரம்பு. காயில் எந்த உலோகம் என்று அந்த வரம்பு பார்ப்பதில்லை. ஆகவே "அலுமினியம் என்றால் கரண்ட் பில் ஏறும்" என்ற பேச்சு, கம்பெனியில் அலுமினியத்துக்கென்றே வடிவமைத்த டிரான்ஸ்பார்மருக்குப் பொருந்தாது.

பிறகு எங்கே வித்தியாசம்? பணத்திலும் இடத்திலும். என் கணக்கில் இந்த அளவுக்குச் செம்பு 220 கிலோ பக்கம் போகும். அலுமினியம் கன அளவில் கூடுதலாக இருந்தும், எடை குறைந்த உலோகம் என்பதால் 115 கிலோ பக்கம் நிற்கும். செம்பு கிலோ 900 ரூபாய், அலுமினியம் 250 ரூபாய் என்று வைத்துப் பார்த்தால் ஒன்று இரண்டு லட்சத்தை ஒட்டி வரும், மற்றது முப்பதாயிரத்துக்குள் அடங்கும். ஆனால் அந்த வித்தியாசம் முழுதாக நம் கைக்கு வராது. தடித்த காயிலுக்குக் கோரின் ஜன்னல், அதாவது இரும்புக் கோரில் காயில் உட்காரும் இடைவெளி, பெரிதாக வேண்டும், அதனால் கோர் தகடு கூடும், தொட்டி பெரிதாகும், ஆயிலும் கூடும். நான் பார்த்த கொட்டேஷன்களில் அலுமினிய டிரான்ஸ்பார்மர் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை விலை குறைவாக இருந்தது. கங்கைகொண்டானில் அதை இறக்கியபோது பழைய மேடையை அகலப்படுத்த வேண்டியிருந்தது. அந்த இடத்தைப் பற்றி எனக்கிருக்கும் குறை அது ஒன்றுதான்.

இனி ஆலங்குளம். மழைக்காலத்தில் ஈரம் இறங்கி ஹெச்.டி. காயில் ஒன்று போய்விட்டது. புதிது வாங்க யோசித்த முதலாளியிடம் ஒரு ரீவைண்டிங் பட்டறைக்காரர், "அண்ணாச்சி, பழைய காப்பரை நான் எடுத்துக்கிடுதேன். அலுமினியத்துல கட்டித் தாரேன், நீங்க கையில இருந்து பெருசா ஒண்ணும் போட வேண்டாம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பழைய செம்பு சும்மா கிடக்கும் குப்பை இல்லை, இருநூறு கிலோவுக்கு மேல். பாதி விலைக்குப் போட்டாலும் லட்ச ரூபாய் வரும். யார் கையிலிருந்து யார் கைக்குப் பணம் போனது என்பதை அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், கோரின் ஜன்னல் செம்புக்கு அளவெடுத்து வெட்டியது. 1.6 மடங்கு தடித்த அலுமினியம் அதற்குள் நுழையவே நுழையாது. பட்டறைக்காரருக்கு இரண்டு வழிதான் உண்டு. சுற்றைக் குறைத்துத் தடித்த கம்பி போடலாம். அப்படிச் செய்தால் ஒரு சுற்றுக்கான வோல்ட் ஏறும், கோரில் காந்தப்பாயம் நிரம்பி வழியும், சுமையே இல்லாதபோதும் உறுமும், சூடாகும். இல்லையென்றால் சுற்றை அப்படியே வைத்துக்கொண்டு பழைய அளவுக் கம்பியையே அலுமினியத்தில் போடலாம். இங்கே நடந்தது இரண்டாவது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு எதுவுமே மாறவில்லை. அதே தொட்டி, அதே நேம் பிளேட்.

ஆனால் காயில் லாஸ் 1.6 மடங்காகிவிட்டது. முழுச்சுமையில் 2,600 வாட்டாக இருக்க வேண்டியது 4,200 வாட். இந்தக் கூடுதல் 1,600 வாட் முதலாளி பையிலிருந்துதான் போகிறது, ஏனென்றால் ஹெச்.டி. இணைப்பில் மீட்டர் டிரான்ஸ்பார்மருக்கு முன்னாலேயே 11 கேவி பக்கம் உட்கார்ந்திருக்கிறது. சராசரி அறுபது சதவீதச் சுமை, நாளுக்கு 12 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 2,000 யூனிட்டுக்கு மேல் வீண். யூனிட் 7 ரூபாய் என்றாலும் வருஷத்துக்குப் பதினாலாயிரம்.

பணத்தைக்கூட விட்டுவிடலாம், சூட்டை விட முடியாது. தொட்டியும் ரேடியேட்டரும் 2,930 வாட்டை வெளியேற்ற அளவெடுத்தவை. அதில் நாலரை கிலோவாட்டை இறக்கினால் ஆயில் சூடு வெளிவெப்பத்தைவிட 40 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டிய இடத்தில் 57 பக்கம் ஏறும். பிசான அறுவடை முடிந்து ஆலை முழு வேகத்தில் ஓடும் பங்குனி வெயிலில் நிழலிலேயே 38 டிகிரி. ஆயில் தெர்மாமீட்டர் 90-ஐத் தொட்டது. கேஸ்கெட் ஓரமெல்லாம் எண்ணெய் கசிந்தது. காயில் மேல் சுற்றிய காகிதம் ஒவ்வொரு 6 டிகிரி கூடுதலுக்கும் இரண்டு மடங்கு வேகத்தில் மூப்படையும் என்பது துறையில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் கணக்கு. அதன்படி 17 டிகிரி என்றால் ஏழு மடங்கு.

சரி, ஷார்ட் சர்க்யூட்டுக்கு வருவோம். அலுமினியத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் இதில்தான். ஷார்ட் ஆனால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது டிரான்ஸ்பார்மரின் உள்தடையான இம்பிடன்ஸ்; இதில் அது 4.5 சதவீதம். எல்.டி. முனையில் நேராக ஷார்ட் ஆனால் மின்னோட்டம் 22 மடங்காகி 7,400 ஆம்பியர் போகும். காயிலைத் தள்ளும் விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், முதல் அலையின் உச்சியில் அது சாதாரண நேரத்தைவிட ஆயிரம் மடங்கை எட்டும். ஹெச்.டி. காயிலை வெளியே தள்ளும், உள்ளே இருக்கும் எல்.டி. காயிலைக் கோர் பக்கம் நசுக்கும்.

வெப்பம் இங்கே பெரிய பிரச்சினை இல்லை. தரம் இரண்டு வினாடி ஷார்ட்டைத் தாங்கச் சொல்கிறது. ஆயில் டிரான்ஸ்பார்மரில் செம்பு 250 டிகிரிக்குள்ளும் அலுமினியம் 200 டிகிரிக்குள்ளும் நிற்க வேண்டும். 95 டிகிரியில் தொடங்கினால், தடித்த அலுமினியம் 123 டிகிரியிலேயே நின்றுவிடும், செம்பு 126. ரீவைண்டிங் செய்த மெல்லிய அலுமினியம் 170 வரை போகும். வரம்பை அதுவும் தாண்டவில்லை. ஆளைச் சாய்ப்பது விசைதான். மென்மையான அலுமினியம் செம்பு தாங்கும் இழுவிசையில் பாதி அளவிலேயே வளைந்துவிடும். தடித்த கம்பியில் அந்த விசை 1.6 மடங்கு பரப்பில் பரவுவதால் இந்தக் குறை பெரும்பகுதி ஈடாகிறது. அதோடு கங்கைகொண்டானில் இருப்பதுபோல எல்.டி. பக்கம் முழு உயரத்துக்கும் அலுமினியத் தகட்டையே சுற்றியிருந்தால் இன்னொரு நன்மை: தகட்டுக்குள் மின்னோட்டம் தானாகவே ஹெச்.டி. காயிலுக்கு ஏற்றபடி மேலும் கீழும் பங்கிட்டுக்கொள்ளும், அதனால் காயிலை மேலே கீழே தூக்கிப்போடும் விசை வெகுவாகக் குறைகிறது. மெல்லிய அலுமினியத்துக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. செம்பு தாங்க வேண்டிய அதே அழுத்தம், தாங்கும் பலம் மட்டும் பாதி.

ஆலங்குளத்தில் எல்.டி. பேனலுக்குள் எலி புகுந்தது. பிரேக்கருக்கு முன்னால், கேபிள் முனையில் ஷார்ட். ஹெச்.டி. ஃப்யூஸ் போனது, பேனலைச் சரிசெய்தாயிற்று. மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் எல்லாம் நல்லபடியாகக் காட்டியது. உடனே சப்ளை கொடுக்கச் சொன்னார்கள். நான் 415 வோல்ட் சோதனையை முடிக்காமல் கொடுக்க மாட்டேன் என்றேன்.

அந்தச் சோதனையை ஒவ்வொரு ஆலையும் வருஷம் ஒருமுறை லைசென்ஸ் உள்ள ஆளை வைத்துச் செய்யலாம். 11 கேவியைப் பிரித்து, எர்த் செய்து, டிரான்ஸ்பார்மரை இருபக்கமும் முழுசாகக் கழற்ற வேண்டும். எல்.டி. மூன்று முனைகளையும் தடித்த பட்டையால் ஷார்ட் செய்துவிட்டு, சோதனைக்காக எர்த்தை எடுத்த பிறகு ஹெச்.டி. பக்கம் 415 வோல்ட் மூன்று பேஸ் கொடுக்க வேண்டும். 11,000-இல் 4.5 சதவீதம் 495 வோல்ட். அதற்கு முழுச்சுமையான 13.1 ஆம்பியர் ஓட வேண்டும். ஆகவே 415-க்கு 11 ஆம்பியர், மூன்று பேஸிலும் சமமாக. அப்போது ஷார்ட் பட்டையில் 280 ஆம்பியர் ஓடும் என்பதால் பட்டை ஒல்லியாக இருக்கக் கூடாது. வாட் மீட்டரும் இருந்தால், செம்போ, ஒழுங்கான அலுமினியமோ, சுமார் 1,600 வாட் காட்டும். அளவு குறைந்த அலுமினியம் 2,400 பக்கம் காட்டும். காயில் நகர்ந்திருந்தால் ஆம்பியரில் தெரியும், கம்பி ஏமாற்று என்றால் வாட்டில் தெரியும்.

ஆலங்குளத்தில் ஒரு பேஸில் 10.7 ஆம்பியர், மற்ற இரண்டிலும் 10.1. சப்ளை கொடுக்கவில்லை. தொட்டியைத் திறந்தபோது கோரின் நடுத் தூணில் இருந்த எல்.டி. காயில் ஒரு பக்கம் உள்ளே மடங்கிக் கிடந்தது.

இதில் அலுமினியத்தின் மேல் நியாயமாகச் சொல்லக்கூடிய குற்றம் ஒன்றுதான்: இணைப்பு. சுரண்டிய நொடியிலேயே அதன் மேல் ஆக்சைடு படலம் ஏறிக்கொள்ளும். போல்ட் இறுக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கித் தளரும். கம்பெனிகளில் இதற்கு வெல்டிங், அழுத்தப் பிணைப்பு என்று முறை உண்டு. சிறிய பட்டறைகளில் செம்பைப் பற்றவைக்கத் தெரிந்த கைக்கு அலுமினியம் வசப்படுவதில்லை. வெளியே புஷ்ஷிங்கில் வரும் சூடு வேறு கதை. செம்புக் காயில் வாங்கினாலும் அங்கே வந்து சேரும் கேபிள் அலுமினியம்தான். செம்பும் அலுமினியமும் சேர்ந்த பைமெட்டல் லக்கும் ஜாயிண்ட் கிரீஸும் இரண்டுக்குமே வேண்டும்.

ஆலங்குளம் அண்ணாச்சி புதிதாக வாங்கினார். செம்பா என்று கேட்டபோது, இடம் தாராளமாக இருப்பதால் தகடு சுற்றிய அலுமினியமே போதும் என்றேன். இடம் நெருக்கடி என்றால், பழைய மேடைக்குள்ளேயே அடங்க வேண்டும் என்றால், செம்பையே சொல்லியிருப்பேன். ஆர்டரில் எழுதச் சொன்னது மூன்று விஷயம்: பாதிச் சுமை, முழுச்சுமை லாஸ் வாட்டில், அதே வடிவமைப்புக்கு ஷார்ட் சர்க்யூட் சோதனைச் சான்று, டெலிவரியின்போது நம் கண் முன்னால் 415 வோல்ட் சோதனை. இறக்கிய அன்று மூன்று பேஸிலும் 11.1 வந்தது. அந்த எண்ணைப் பேனல் கதவின் உள்பக்கம் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறோம்.