மிதக்கும் ரூபாயா, கட்டிய ரூபாயா: அரசு 100 கோடி கூடுதலாகச் செலவழித்தால்?

முதலீடு தடையின்றி நாடு கடந்து ஓடினால், உள்நாட்டு வட்டி உலக வட்டியை விட்டு விலகி நிற்க முடியாது. அதை 5% என்று வைப்போம். உற்பத்தியை Y என்றும், வட்டியின் சதவீத எண்ணை i என்றும் குறித்தால், பணத்தேவை 0.5Y − 100i கோடி; பண அளிப்பு 1,000 கோடி, விலைவாசி மாறவில்லை. பணத்தேவையும் பண அளிப்பும் சமமாக இருக்க வேண்டும். அப்படியானால் உற்பத்தி Y = 3,000 கோடி.

ரூபாயின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கும் மிதக்கும் மாற்று விகிதத்தில் அரசு கடன் வாங்கிச் செலவழிக்கும்போது வட்டி ஏறப் பார்க்கும். உடனே டாலர் உள்ளே வரும், ரூபாய் வலுக்கும். பண அளிப்பும் வட்டியும் மாறாததால் Y 3,000-ஐத் தாண்டாது. ஆகவே நிகர ஏற்றுமதி சரியாக 100 கோடி குறையும். அம்பத்தூரில் உதிரிபாகம் செய்து ஏற்றுமதி செய்பவருக்கு அதே டாலர் பில்லுக்குக் குறைந்த ரூபாய்தான் கைக்கு வரும். சாலை ஒப்பந்தக்காரர் பெற்றதை இவர் இழக்கிறார்.

மாற்று விகிதத்தை ஒரே அளவில் கட்டி வைத்தால் கதை வேறு. ரூபாய் வலுக்காமலிருக்க மைய வங்கி வரும் டாலரை வாங்கி ரூபாயை வெளியிட வேண்டும். கூடும் ஒவ்வொரு ரூபாய் வருமானத்திலும் நுகர்வுக்குப் போகும் பங்கான நுகர்வு நாட்டம் 0.6, இறக்குமதிக்குப் போகும் பங்கான இறக்குமதி நாட்டம் 0.1 என்றால், செலவைப் போல எத்தனை மடங்கு உற்பத்தி கூடும் என்று சொல்லும் பெருக்கி 1/(1 − 0.6 + 0.1) = 2. உற்பத்தி 200 கோடி கூடும். பணத்தேவை 0.5 × 200 = 100 கோடி உயர்வதால் பண அளிப்பும் 100 கோடி கூடும். அந்தப் பணத்தைக் கடன்பத்திரம் விற்று உறிஞ்ச முயன்றால் வட்டி மறுபடி ஏறும், டாலர் மறுபடி வரும்.

இந்தியாவில் முதலீட்டு ஓட்டம் முழுக்கத் திறந்ததல்ல. விளைவு இரண்டுக்கும் நடுவில் விழும். பத்திர வட்டி ஏறும்போதே ரூபாய் சரிந்தால், கடன் வாங்கும் அரசின் மீது சந்தைக்கு அச்சம் வந்திருக்கலாம். அப்போது இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.