‘சரக்கு கஸ்டம்ஸில் நிற்கிறது’ என்றால் முதலில் பில் ஆஃப் என்ட்ரி எண்ணைக் கேளுங்கள்

எங்கள் மசாலாப் பொடி ஆலைக்காகச் சென்னை இறக்குமதியாளர் ஒருவரிடம் சீனத் தயாரிப்பு பவுச் பேக்கிங் இயந்திரம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்து, விலையில் பாதியை முன்பணமாகச் செலுத்தியிருந்தோம். ஜூன் இரண்டாம் வாரத்தில் இயந்திரம் கோவை வந்து சேரும் என்பது பேச்சு. ஜூன் 9 அன்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இது: “சார், மெஷின் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, நம் கையில் இல்லை, ஒரு வாரத்தில் கிளியர் ஆகிவிடும்.” அந்த வாரம் முடிந்ததும் அதே செய்தி மறுபடி வந்தது. அதன் பின்னர், சரக்கு தேங்கிக் கிடந்ததற்கான கட்டணமான டெமரேஜில் எங்கள் பங்கு என்று ஒரு பில்லும் வந்தது. முன்பணம் கொடுத்துவிட்டு இதே பதிலைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சுங்கத்தில் சரக்கு நிற்பதற்குக் காரணங்கள் பல உண்டு. அவை எல்லாவற்றுக்கும் சுங்கத்துறை பொறுப்பல்ல. அதிகாரி சரக்கின் மதிப்பையோ வகைப்பாட்டையோ பற்றிக் கேள்வி எழுப்பினால், அல்லது பெட்டியைத் திறந்து பரிசோதிக்கச் சொன்னால், அந்தத் தாமதம் உண்மையாகவே இறக்குமதியாளரின் கையில் இல்லை. ஆனால் சரக்கின் விவரங்களைச் சுங்கத்துறைக்கு அறிவிக்கும் ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்யாததும், மதிப்பீடு முடிந்த பிறகு வரியைக் கட்டாததும் முழுக்க அவருடைய வேலைகள். சுங்கச் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் 2021-இல் செய்த திருத்தத்தின்படி, பொதுவாகக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள்ளேயே பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாகியிருக்க வேண்டும்.

பலமுறை கேட்டும் வராத பில் ஆஃப் என்ட்ரி எண், “எண் வராமல் டெமரேஜ் பில்லைப் பார்க்கவே மாட்டோம்” என்று மின்னஞ்சலில் எழுதிய பிறகே வந்தது. சுங்கத்துறையின் ICEGATE இணையதளத்தின் பொது விசாரணைப் பகுதியில் துறைமுகக் குறியீடு (சென்னைக் கடல் துறைமுகத்துக்கு INMAA1), அந்த எண், தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் நிலையைப் பார்க்கலாம். கன்டெய்னர் எண்ணை வைத்துக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் பார்த்தபோது, கன்டெய்னர் ஜூன் 3 அன்றே இறங்கிவிட்டது தெரிந்தது. பில் ஆஃப் என்ட்ரியின் தேதியோ ஜூன் 11. அதாவது “மாட்டிக்கொண்டது” என்று எங்களுக்கு எழுதிய நாளில் சுங்கத்துறையிடம் எங்கள் சரக்குக்கான தாளே போயிருக்கவில்லை. தாக்கலான மறுநாளே மதிப்பீடு முடிந்திருந்தது; கேள்வி எதுவும் இல்லை; வரி மட்டும் கட்டப்படாமல் இருந்தது. இத்தகைய இயந்திரத்துக்குச் சுங்கவரியும் ஐ.ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து மதிப்பில் கால் பங்கைத் தாண்டும். அந்தத் தொகை அவரிடம் அப்போது இல்லை என்பது என் ஊகம்; எங்கள் முன்பணம் எங்கே போனது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

இனி அந்த பில். ‘கஸ்டம்ஸ் டெமரேஜ்’ என்ற ஒரே வரியில் மூன்று தனித்தனிச் செலவுகள் ஒளிந்திருந்தன: பில் ஆஃப் என்ட்ரியைத் தாமதமாகத் தாக்கல் செய்ததற்கான கட்டணம் (முதல் 3 நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு 10,000 ரூபாய்), சரக்கு நிலையத்தின் இட வாடகை, கன்டெய்னரைத் திருப்பித் தராததற்குக் கப்பல் நிறுவனம் வாங்கும் டிடென்ஷன். மூன்றுக்குமே அவருடைய தாமதம்தான் காரணம். ரசீது நகல்களுடன் பிரித்துக் காட்டும்படி கேட்டதும் முதல் கட்டணத்தைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டார்.

தாமதம் ஆனதற்காக மட்டும் நான் கோபப்படவில்லை. இறக்குமதியில் அது நடக்கும். வாடிக்கையாளருக்கு அவர் எழுதியிருக்க வேண்டியது ஏறக்குறைய இவ்வளவுதான்: “கன்டெய்னர் ஜூன் 3 அன்று இறங்கியது, பில் ஆஃப் என்ட்ரி எண் இது, மதிப்பீடு முடிந்தது, வரி கட்டுவது எங்களால் தாமதமாகிறது, சரக்கை வெளியே எடுக்கச் சுங்கம் தரும் அவுட் ஆஃப் சார்ஜ் அனுமதி கிடைத்த நாளிலிருந்து 4 வேலை நாள்களில் கோவையில் இறக்கி, அடுத்த 2 நாள்களில் எங்கள் டெக்னீஷியன் பொருத்தித் தருவார், கூடுதல் செலவு எங்களுடையது, ஜூன் 30-க்குள் சரக்கு வெளிவராவிட்டால் ஆர்டரை ரத்து செய்து முன்பணத்தைத் திரும்பப் பெறலாம்.” இப்படி எழுதினால், புதிய தேதி சுங்கத்தின் எந்தக் கட்டத்தைச் சார்ந்தது என்பது வாங்குபவருக்குத் தெரியும்; ஆள்களையும் மூலப்பொருளையும் அதற்கேற்பத் திட்டமிட முடியும். ‘ஒரு வாரம்’ என்பதை நம்பி நாங்கள் பவுச் ஃபிலிம் ரோல்களை முன்கூட்டியே வரவழைத்துவிட்டோம். அவை இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன.

இயந்திரம் ஜூலையில் வந்து சேர்ந்தது, ஓடுகிறது. இட வாடகையையும் டிடென்ஷனையும் நாங்கள் கொடுக்கவில்லை. மீதித் தொகையில் அவற்றைப் பிடித்துக்கொண்டு, காரணத்தை ICEGATE நிலைப்பக்கத்தின் அச்சுப்படியுடன் பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறோம்.