சிகரெட்டைக் குறைப்பதா, பேட்ச் ஒட்டி நிறுத்துவதா? பிரஷர் இருப்பவர்களுக்கு

பிரஷருக்கு மாத்திரை எழுதிய டாக்டர், சிகரெட்டையும் விடச் சொன்னார். எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், இல்லையென்றால் நிகோடின் பேட்ச் ஒட்டிக்கொண்டு ஒரேயடியாக நிறுத்தலாம். நான் பேட்ச் பக்கம் போனேன்.

குறைத்தால் காசு மிஞ்சும், வாடை குறையும். சரி, பிரஷருக்கு? புகையை இழுத்த பத்து இருபது நொடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. உடனே அட்ரினலின் சுரக்கிறது, ரத்தக்குழாய் சுருங்குகிறது, இதயம் வேகம் எடுக்கிறது. ஒருநாள் காலை வீட்டு பீபி மெஷினில் பார்த்தேன். புகைக்கும் முன் 128/82. முதல் சிகரெட் முடித்து ஐந்து நிமிடத்தில் 144/90. அரை மணி கழித்து 130/84. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் புகைக்கக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். கிளினிக்கில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு அளந்தால் இந்த ஏற்றம் சிக்கவே சிக்காது. பகல் முழுக்க ஏறி இறங்கும் பிரஷர் அங்கே நார்மலாகத் தெரியலாம்.

எண்ணிக்கையைக் குறைத்தவர்கள் மிச்சமிருப்பதை ஆழமாக இழுக்கிறார்கள். இடைவெளி கூடக் கூட, நிகோடினுக்குப் பழகிய உடம்பு அந்தப் பழக்கத்தை இழக்கிறது. இரவு முழுக்கப் புகைக்காமல் இருந்துவிட்டு காலையில் பற்றவைக்கும் முதல் சிகரெட் பிரஷரை அதிகம் ஏற்றுவதும் இதனால்தான். நாளுக்கு 20 பிடிப்பவருக்குக் கூடுதலாக வரும் இதய நோய் அபாயத்தில், ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் ஏறக்குறைய பாதி இருக்கிறது.

பேட்சிலும் நிகோடின்தானே என்று கேட்கலாம். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. தோல் வழியாக மணிக்கணக்கில் மெதுவாக ஏறி, ஒரே மட்டத்தில் நிற்கிறது. சிகரெட் போலத் திடீரென்று தூக்கி அடிப்பதில்லை. கார்பன் மோனாக்சைடும் இல்லை. நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர்கள் வழக்கமாக 21 மில்லிகிராமில் ஆறு வாரம், அப்புறம் 14, 7 என்று இரண்டிரண்டு வாரம் இறங்குவார்கள். கெட்ட கனவு வந்தால் படுக்கும் முன் கழற்றிவிடலாம். ஒரே இடத்தில் ஒட்டினால் தோல் சிவக்கும், தினமும் இடம் மாற்ற வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒட்டக் கூடாது.

நிகோடின் சூயிங்கம்மை நான் அதிகம் மென்றதில்லை. சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும், காபி குடித்த உடனே மென்றால் சரியாக ஏறாது என்பது மட்டும் தெரிந்தது.

நிறுத்திய ஓரிரு நாளில் ரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு போய்விடும். மாதங்கள் போகப் போக ரத்தக்குழாயின் விறைப்பு தளரும். ஒரு வருடத்தில், சிகரெட்டால் கூடியிருந்த இதய நோய் அபாயம் பாதியாகும். ஆனால் ஓய்வில் அளக்கும் பிரஷர் பெரிதாக இறங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பசி கூடி, முதல் வருடத்தில் நான்கைந்து கிலோ ஏறுவது சகஜம். அந்த எடையே பிரஷரை மேலே இழுக்கும். என் மெஷினில் பகல் நேரத்து ஏற்றங்கள் காணாமல் போயின, காலை அளவு ஏறக்குறைய அதேதான். மாத்திரையும் அதே அளவில் தொடர்கிறது.