குழாய் போட்டு அனுப்பினார்கள், தோலை மட்டும் இழுத்துவிடவில்லை

என் அப்பாவுக்கு வயது 68, இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. வீட்டருகில் உள்ள தனியார் மருத்துவமனையில் சிறுநீர்க் குழாய் பொருத்தி, பையைக் காலில் கட்டி, அன்று இரவே அனுப்பிவிட்டார்கள். கட்டணம் வாங்குவதில் காட்டிய கவனத்தில் கால்பங்கை அவரது உடலில் காட்டியிருந்தால் இந்தப் பதிவுக்கு வேலை இருந்திருக்காது.

புதன் காலை அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டே, "கீழே வீங்கியிருக்கிறதப்பா, வலிக்கிறது" என்றார். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டேன். "குழாய் போட்டால் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும்" என்றார்கள். மாலையில் வலி கூடியது. தெருமுனை கிளினிக்கில் இருந்த மருத்துவர் வேட்டியை விலக்கிப் பார்க்கவே இல்லை. ஒவ்வாமை என்று சொல்லி அரிப்பு மாத்திரையும் களிம்பும் எழுதிக்கொடுத்தார். கூச்சத்தால் நானும் பார்க்கவில்லை. என்னை நான் மன்னிக்க முடியாத இடம் அதுதான்.

வியாழன் காலை அப்பா அழுதார். அப்போதுதான் பார்த்தேன். ஆண்குறியின் மொட்டு முழுவதும் வெளியே தெரிந்தது. அதற்குப் பின்னால் நீர் கோத்த தோல் வளையம்போல் தடித்து நின்றது. மொட்டின் நிறம் கருஞ்சிவப்பாக மாறியிருந்தது. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஓர் இளம் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "குழாய் நுழைக்க முன்தோலைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். திரும்ப முன்னால் இழுத்துவிடவில்லை. இதற்குப் பாராஃபைமோசிஸ் என்று பெயர்."

அவர் விளக்கியது இது. பின்னால் தள்ளிய முன்தோலின் குறுகிய பகுதி, மொட்டுக்குப் பின்னால் இறுக்கிய ரப்பர் வளையம்போல் மாட்டிக்கொள்கிறது. முதலில் நசுங்குவது ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகளும் நிணநீர்க் குழாய்களும்தான். ரத்தம் உள்ளே வருகிறது, வெளியேற முடியவில்லை. அதனால் வீக்கம் வருகிறது. வீங்க வீங்க வளையம் மேலும் இறுகுகிறது. இப்படியே போனால் உள்ளே வரும் ரத்தமும் நின்று மொட்டின் திசு அழுகத் தொடங்கும். அதனால் இதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கவே கூடாது. சர்க்கரை நோயில் முன்தோல் தடித்துச் சுருங்கிப்போவது உண்டு. அப்பா போன்றவர்களுக்கு ஆபத்து அதிகம்.

மரத்துப்போகச் செய்யும் ஜெல்லைத் தடவிச் சிறிது நேரம் காத்திருந்தார். பிறகு வீங்கிய பகுதியை முழுக் கையால் சுற்றிப் பிடித்து, விடாமல், ஒரே சீராகப் பத்து நிமிடம் அழுத்தினார். சிகிச்சையில் பாதி இதுதான் என்றார். நீரை வெளியேற்றாமல் தோலை இழுத்தால் கிழியும். வீக்கம் வற்றியதும் இரண்டு கட்டைவிரல்களால் மொட்டை உள்ளே தள்ளிக்கொண்டே, மற்ற விரல்களால் தோலை முன்னே கொண்டுவந்தார். வளையம் நழுவி முன்னால் வந்தது. அப்பா பெருமூச்சு விட்டார். அது முடியாமல் போயிருந்தால் ஊசியால் குத்தி நீரை வடித்திருப்பார்கள், அல்லது வளையத்தைச் சற்று வெட்டித் தளர்த்தியிருப்பார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்றும் கேட்டேன். குழாய் இல்லாமல், இப்போதுதான் மாட்டிக்கொண்டு, மொட்டு இளஞ்சிவப்பாகவே இருந்தால், துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஓரிரு நிமிடம் வைத்து எடுத்து, மேலே சொன்னபடி சில நிமிடம் அழுத்திவிட்டு, ஒரு முறை தோலை முன்னே கொண்டுவர முயலலாம். வரவில்லை என்றால் மீண்டும் மீண்டும் இழுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மொட்டு நீலமாகவோ கறுத்தோ இருந்தால், உணர்ச்சி குறைந்திருந்தால், சிறுநீர் கழிக்க முடியாவிட்டால், குழாய் பொருத்தியிருந்தால், இந்த முயற்சியும் வேண்டாம், நேராகப் போய்விடுங்கள். குழாயை நீங்களே பிடுங்கக் கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது பின்னே வராத தோலை வலிந்து தள்ளுவதாலும் இதே விபத்து நேர்கிறது என்று எச்சரித்தார்.

அந்தத் தனியார் மருத்துவமனைக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். "வருந்துகிறோம்" என்ற ஒற்றை வரி வந்தது. யார் தவறியது, இனி யார் சரிபார்ப்பார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் சிறுநீர்க் குழாய் போட்டால், கட்டிலைவிட்டு எழுப்புவதற்கு முன் செவிலியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "முன்தோலைப் பழையபடி முன்னால் கொண்டுவந்துவிட்டீர்களா?" பிறகு போர்வையை விலக்கி நீங்களும் பாருங்கள். அன்று மாலையும் மறுநாள் காலையும் பாருங்கள். அப்பாவுக்கு அடுத்த முறை குழாய் மாற்றியபோது நான் அப்படித்தான் கேட்டேன். அந்தச் செவிலியர் முகம் சுளிக்காமல் போர்வையை விலக்கிக் காட்டினார்.