இரவுக் கல்லாவில் பணம் குறையவில்லை, ரிப்போர்ட்டில் நாள்தான் தப்பு

பவர் பிஐயில் விற்பனை ரிப்போர்ட் செய்து தர ஆள் தேடும் கடைக்காரர்கள், முக்கியமாக இரவிலும் கடை திறந்திருப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் சாப்பாட்டுக்கடை 24 மணி நேரமும் நடக்கிறது. மச்சான் லண்டனில் இருக்கிறார், அவரும் பங்காளி. இருவரும் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரிடம் 4,500 வெள்ளி கொடுத்து ரிப்போர்ட் செய்தோம். அவர் தன் லேப்டாப்பில் காட்டியபோது ஒவ்வொரு நாளும் கல்லாக் கணக்கோடு சரியாகப் பொருந்தியது. கையெழுத்துப் போட்டோம்.

அடுத்த வாரமே இடித்தது. ஒரு ஞாயிறு கல்லாவில் 9,400 வெள்ளி, ரிப்போர்ட்டில் 7,900. கேட்டதற்கு அவர், "சிஸ்டம் சரியாத்தான் இருக்கு சார். நைட் ஷிப்டுல யாரோ கை வைக்கிறாங்க, பாருங்க" என்றார். நானும் நம்பி, ஆறு வருடமாக எங்களிடம் இருக்கும் இரவு காஷியரைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் பதில் பேசாமல் நின்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அப்புறம்தான் முந்தின சனிக்கிழமையைப் பார்த்தேன். கல்லாவில் 8,400, ரிப்போர்ட்டில் 9,100. அதாவது 700 வெள்ளி அதிகம். திருடுகிறவன் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பானா? பில்களை மணிவாரியாகப் பிரித்தேன். ஞாயிறு நள்ளிரவு 12 முதல் காலை 8 வரை விற்றது 2,600 வெள்ளி, மற்ற நேரத்தில் 6,800. திங்கள் விடியலில் 1,100. 6,800-உடன் 1,100-ஐக் கூட்டினால் 7,900. ஞாயிறு விடியல் விற்பனை சனிக்கிழமைக்குப் போய்விட்டது, திங்கள் விடியல் விற்பனை ஞாயிறுக்கு வந்துவிட்டது.

காரணம் இதுதான். எங்கள் பில் மெஷின் நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது, நம் நேரம் அதைவிட 8 மணி முன்னால். அவர் எழுதியிருந்தது `DateTimeZone.ToLocal`. அது ஓடும் கணினியின் நேரத்தை எடுத்துக்கொள்ளும். அவர் லேப்டாப்பில் அது மலேசிய நேரம், அதனால் சரியாக வந்தது. ஆன்லைனில் தானாகப் புதுப்பிக்கும்போது வேலை செய்வது கிளவுட் கணினி, அதற்கு உள்ளூர் நேரம் என்றால் யுடிசி. நம் ஊரில் காலை 8 மணிக்குத்தான் அங்கே அடுத்த நாள் பிறக்கிறது.

இதை நேரில் சொன்னபோது புதுப்பிப்பு அட்டவணையைத் திறந்து, "(UTC+08:00) Kuala Lumpur, Singapore" என்ற வரியைக் காட்டினார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த வரி எத்தனை மணிக்குப் புதுப்பிக்க வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. உள்ளே நாளைக் கணக்கிடும் நேரத்தை அது தொடுவதில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டு, திருத்த 1,200 வெள்ளி கேட்டார். தன் தப்பைத் திருத்த எங்களிடமே காசு! கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, வேறொரு தம்பியை வைத்து மாற்றினோம். மாற்றியது இந்த ஒரு வரி:

```
DateTime.Date(DateTimeZone.RemoveZone(
  DateTimeZone.SwitchZone([OrderTime], 8)))
```

நேர மண்டலத்தோடு வரும் நேரத்துக்குத்தான் இது பொருந்தும். நமக்குக் கோடைநேர மாற்றம் கிடையாது, தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் இதே 8-இல் இருக்கிறது, அதனால் எண்ணை நேராக எழுதலாம். லண்டன் கடைக்கு அப்படி 0 என்று எழுதினால் மார்ச் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை ஒரு மணி நேரம் பிசகும்.

மச்சானுக்கு ஏன் எதுவும் தெரியவில்லை? ரிப்போர்ட் பார்ப்பவர் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். அது டிசம்பர் மாதம். குளிர்காலத்தில் லண்டன் நேரமும் யுடிசியும் ஒன்றுதான், ஆகவே அவருக்கு அது அவருடைய நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. இருவரும் "ஞாயிறு" என்று சொல்லிக்கொண்டே வேறு வேறு நாளைப் பேசியிருக்கிறோம்.

வரியை மாற்றிய பிறகும் "இன்று" என்ற வடிகட்டி காலை 7 மணிக்கு நேற்றையே காட்டியது, ஏனென்றால் அந்த வடிகட்டியும் எப்போதும் யுடிசிப்படியே ஓடுகிறது. அதை எடுத்துவிட்டு, மலேசிய நேரப்படி இன்றா இல்லையா என்று சொல்லும் ஒரு நெடுவரிசையைப் புதுப்பிப்பின்போதே உருவாக்குகிறோம். அதற்காக நள்ளிரவு 12.30-க்கு ஒரு புதுப்பிப்பு கட்டாயம் வேண்டும்.

யாராவது உங்களுக்கு ரிப்போர்ட் செய்து கொடுத்தால், லேப்டாப்பில் பார்த்துத் தலையாட்டாதீர்கள். இரவு 1 மணிக்கு 1 வெள்ளிக்கு ஒரு பில் போடுங்கள். தானாகப் புதுப்பித்த பிறகு, அது எந்தத் தேதியில் நிற்கிறது என்று போனில் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

காஷியரிடம் எல்லாப் பில்களையும் காட்டி மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்.